மங்கிய பிலிம் தோற்றமும் மாநிற முகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிலிம் பிரீசெட் போட்டவுடன் முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடுகிறது. ஏன்?

பெரும்பாலான பிலிம் பிரீசெட்டுகள் முதலில் செய்யும் வேலை கருமையை உயர்த்துவதுதான். படத்தின் இருளையும் வெளிச்சத்தையும் ஆளும் கர்வ் கோட்டின் இடது கீழ் முனையை மேலே தூக்கி, முழுக் கறுப்பாக இருந்த இடங்களைக் கடுஞ்சாம்பலாக மாற்றுகின்றன. வெளிறிய மேனியுள்ள ஒருவரின் முகம் அந்த முனையிலிருந்து வெகு தொலைவில், கோட்டின் மேற்பாதியில் இருப்பதால் அவருக்குப் பெரிய கேடு நேர்வதில்லை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நம் கமராவுக்கு முன் வந்து நிற்கும் முகங்கள் பலவற்றில், குறிப்பாக முகத்தின் நிழல் பக்கம், கோட்டின் கீழ்ப்பாதியிலேயே கிடக்கிறது. கூந்தலுக்காகத் தூக்கிய கோடு கன்னத்தையும் சேர்த்துத் தூக்கிவிடுகிறது.

இதை எண்களில் பார்த்தால் உடனே விளங்கும். மாநிறமான ஒருவரின் நிழல் பக்கக் கன்னத்தைப் போட்டோஷாப்பில் அளந்தபோது சிவப்பு 98, பச்சை 66, நீலம் 52 என்று இருந்ததாகக் கொள்ளுங்கள். 0 என்ற கறுப்பை 45 ஆகவும், 255 என்ற வெள்ளையை 235 ஆகவும் மாற்றி, இடையில் எந்தப் புள்ளியும் வைக்காமல் நேர்கோடாக விட்டால், அதே கன்னம் 118, 94, 84 ஆகிவிடும். சாயல் மாறவில்லை, ஆனால் செறிவு 47 வீதத்திலிருந்து ஏறத்தாழ 29 வீதத்துக்கு இறங்கிவிட்டது. குறைவாக இருந்த நீலத்துக்கு அதிகமாகவும், அதிகமாக இருந்த சிவப்புக்குக் குறைவாகவும் கூட்டியதால் மூன்றும் ஒன்றையொன்று நெருங்கிவிட்டன. மூன்றும் நெருங்கினால் சாம்பல் என்பது எந்த மென்பொருளிலும் மாறாத கணக்கு. கண்ணுக்கு இது வெளிச்சம் கூடியதாகத் தெரிவதில்லை. முகத்தில் திருநீற்றுப் பொடி படிந்ததுபோலத் தெரிகிறது.

இந்தச் சாய்வுக்கு ஒரு பழைய வரலாறும் உண்டு. பிலிம் காலத்து லாப்களுக்குக் கொடாக் நிறுவனம் அனுப்பிய அளவுகோல் அட்டைகளில் பல ஆண்டுகளாக வெள்ளைக்காரப் பெண்களின் முகமே இருந்தது. ஷேர்லி அட்டை என்று அவற்றுக்குப் பெயர். அந்த முகம் சரியாக வந்தால் அச்சு சரி என்று கொண்டார்கள். இன்று பிரீசெட் விற்பவர்களும் பெரும்பாலும் தங்கள் ஊர் முகத்தையும் தங்கள் ஊர் மேகமூட்ட வெளிச்சத்தையும் வைத்தே எண்களை அமைக்கிறார்கள். அவர்களுக்கு அது சரியாகத்தான் வருகிறது.

பழைய ஆல்பத்துப் படங்களைப் பார்த்து அப்படியே செய்யலாமா? அவற்றில் முகம் சிவந்தல்லவா இருக்கிறது?

அப்படியே செய்ய வேண்டாம். பழைய வண்ண அச்சு என்பது மஞ்சள், மெஜந்தா, சயன் என்ற மூன்று சாயங்களின் அடுக்கு. அவை மூன்றும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. எழுபதுகளின் தாள்கள் பலவற்றில், ஆல்பத்துக்குள் இருட்டில் கிடந்தபோதே சயன் சாயம் முதலில் போய்விட்டதால், மிச்சமிருக்கும் இரண்டும் சேர்ந்து படம் முழுவதையும் செம்மையாக்கிவிட்டன. சுவரில் வெளிச்சம் பட மாட்டியவற்றில் பெரும்பாலும் மெஜந்தா முதலில் போனது. தாளின் வெள்ளை இரண்டு வகையிலும் பழுப்பேறியது. ஆகவே ஆல்பத்தில் நாம் காணும் சிவந்த முகம் சாயத்தின் நோயே ஒழிய, பிலிமின் அழகு அல்ல.

பழைய படத்திலிருந்து இரவல் வாங்கத்தக்கவை இரண்டே. ஒன்று, கறுப்பு முழுக் கறுப்பாக இல்லாமை. மற்றது, வெள்ளை முழு வெள்ளையாக இல்லாமல் சற்றே பாலாடை நிறமாக இருப்பது. இவை இரண்டும் கோட்டின் இரு முனைகளில் நடப்பவை. முகமோ நடுவில் இருக்கிறது. முகத்துக்குக் கீழேயும் மேலேயும் மங்கலை வைத்து, நடுவைத் தொடாமல் விட்டால், பார்ப்பவர் முழுப் படமும் மங்கியிருப்பதாகவே எடுத்துக்கொள்வார்.

எடிட் தொடங்குமுன் எதைச் சரிபார்க்க வேண்டும்?

வைட் பேலன்ஸை. மங்கிய தோற்றம் செறிவைக் குறைப்பதால், தொடக்கத்தில் முகத்தில் ஒட்டியிருக்கும் சிறு பச்சையும் பிறகு பெரிதாகத் தெரியும். அதை மறைக்க அங்கே போதிய நிறம் மிஞ்சியிருக்காது. தென்னந்தோப்புக்குள் எடுத்த படங்களில் ஓலை வழியாக இறங்கிய வெளிச்சம் முகத்தில் பச்சையைப் படியவைக்கும். கல்லடிக் கடற்கரையில் மாலையில் கடலைப் பார்த்து நிற்கவைத்தால், சூரியன் முதுகுக்குப் பின்னே வாவிப் பக்கம் இருக்க, முகத்துக்குக் கடலின் மேலுள்ள வானத்து நீலமும் கீழேயிருந்து மணலின் வெளிச்சமும் கலந்து வரும்.

இங்கே ஒரு பொறியில் நானே பல தடவை விழுந்திருக்கிறேன். வெள்ளை வேட்டியைச் சுட்டி வைட் பேலன்ஸ் எடுத்தால், படம் முழுவதும் மஞ்சளடித்துவிடும். காரணம், நம் வீடுகளில் வெள்ளைத் துணிக்கு நீலம் போடுகிறார்கள். சலவைத் தூளிலும் நீல ஒளி விடும் பொருள் இருக்கிறது. துணி உண்மையில் சற்று நீலமாக இருக்க, மென்பொருள் அந்த நீலத்தை நீக்க முனைந்து முகத்தை மஞ்சளாக்குகிறது. படப்பிடிப்பின் தொடக்கத்தில் சாம்பல் நிற அட்டையொன்றை முகத்துக்கு அருகே பிடித்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வதே வழி. அட்டை இல்லாத பழைய கோப்பு என்றால், வெள்ளைத் துணியைச் சுட்டுவதைத் தவிர்த்து, முகத்தையே அளந்து Temp, Tint இரண்டையும் சிறிது சிறிதாக நகர்த்துங்கள்.

ஒரு படத்தை எடுத்து முழு வேலையையும் எண்களோடு காட்ட முடியுமா?

ஒரு பெண்மணி தன் படமொன்றை இப்படிச் செய்து தரக் கேட்டார். சுனாமிக்குப் பிறகு அவரிடம் மிஞ்சியது தாயாரின் ஒரேயொரு வண்ணப் படம். அதன் பக்கத்தில் தன் படத்தை மாட்ட விரும்பினார். படம் கல்லடிக் கடற்கரையில் மாலையில் எடுத்தது. கைத்தறிச் சேலை, தலையில் மல்லிகை, பின்னால் தென்னைகள். வைட் பேலன்ஸைச் சரிசெய்த பிறகு நான்கு இடங்களை அளந்தேன். வெளிச்சப் பக்கக் கன்னம் 172, 124, 98. நிழல் பக்கக் கன்னம் முதற்கேள்வியில் சொன்ன அதே 98, 66, 52. கூந்தல் ஏறத்தாழ 21. மல்லிகை 236, 234, 228. Color Sampler கருவியால் இந்த நான்கிலும் குறி வைத்தால், அடுத்து என்ன செய்தாலும் Info பலகையில் நான்கின் எண்களும் கண்முன்னே மாறிக்கொண்டிருக்கும்.

முதல் லேயர் ஒரு Curves. அதில் ஐந்து புள்ளிகள்:

```
Input    Output
0        26
55       58
90       90
170      172
255      242
```

இரண்டு முனைகளும் மங்குகின்றன. 90 க்கும் 170 க்கும் இடையில் கோடு பழைய பாதையிலேயே கிடக்கிறது. 55 இல் வைத்த புள்ளிதான் இதில் முக்கியமானது, ஏனென்றால் நிழல் கன்னத்தின் நீலம் அங்கேதான் இருக்கிறது. அந்தப் புள்ளி இல்லாவிட்டால் கோடு 26 இலிருந்து 90 வரை இன்னும் மேலாகப் போய், 52 ஐ 60 க்கு அருகே கொண்டுபோய் விட்டுவிடும். புள்ளி வைத்ததால் நிழல் கன்னம் ஏறத்தாழ 98, 68, 56 ஆனது. செறிவு 47 இலிருந்து 43 வீதத்துக்கு மட்டுமே இறங்கியது. கூந்தலோ 21 இலிருந்து 38 அளவுக்கு ஏறிவிட்டது. மல்லிகை 226, 225, 220 ஆனது.

தாயாரின் படத்தை ஸ்கேன் செய்து பார்த்தபோது அவருடைய கூந்தல் 50 ஐ ஒட்டியிருந்தது. அதுவரை ஏற்றிப் பார்த்தேன். பக்கத்தில் வைத்தபோது பழைய படத்தில் இயல்பாக இருந்த மங்கல், புதிய படத்தில் மூடுபனி பிடித்ததுபோல் இருந்தது. புதிய லென்ஸின் கூர்மை அந்த அளவு மங்கலோடு ஒட்டவில்லை. 38 இல் நிறுத்தினேன்.

இரண்டாவது லேயர் வெள்ளைக்கு. இன்னொரு Curves, இம்முறை Blue சேனலில் மட்டும் 90 ஐ 90 ஆகவும், 170 ஐ 170 ஆகவும் குத்தி வைத்துவிட்டு, 220 ஐ 210 ஆக இறக்கினேன். மல்லிகை 226, 225, 210 ஆகிப் பாலாடை நிறம் கொண்டது. முகத்தில் எதுவும் மாறவில்லை, ஏனென்றால் மாநிறத் தோலின் நீலம் பளிச்சென்ற நெற்றியில்கூட 170 ஐத் தாண்டுவது அரிது. பற்களும் விழிவெள்ளையும் தாண்டும். அவர் சிரித்திருந்ததால் பற்களின் மேல் மட்டும் மாஸ்க்கில் மெல்லக் கறுப்பைத் தீட்டினேன்.

மூன்றாவது லேயர் நிறச் செறிவு. Hue/Saturation இல் Master ஐத் தொடவே கூடாது. அது முகத்தையும் சேர்த்துக் குறைக்கும். தென்னோலையின் பச்சையைக் குறைக்க Greens ஐ இறக்கினேன், ஓலை அசையவில்லை. வெயில் பட்ட ஓலை மென்பொருளின் கணக்கில் மஞ்சள். Yellows ஐ இறக்கியவுடன் ஓலை அடங்கியது, ஆனால் கன்னமும் சற்று வாடியது. தோலின் சாயல் நிறச்சக்கரத்தில் ஏறத்தாழ 20 பாகையில் இருக்கிறது. Yellows என்ற வரம்பின் ஓரமோ 15 பாகையிலேயே தொடங்கி, 45 இல்தான் முழு வலிமை பெறுகிறது. பலகையின் அடியிலுள்ள நிறப்பட்டையில் அந்த இடது எல்லைக் குறியை வலப்பக்கமாக, 40 ஐத் தாண்டி இழுத்துவிட்டபோது கன்னம் மீண்டது. ஓலைக்கு −25 கொடுத்தேன். கடலுக்காக Blues, Cyans இரண்டையும் −20 ஆக்கினேன்.

நிழல்களில் கொஞ்சம் நீலம் ஏற்றச் சொல்கிறார்கள். ஏற்றினால் முகம் ஊதாவாகிறதே?

பிலிம் தோற்றம் பற்றிய காணொளிகள் எல்லாம் இந்த ஒரு தந்திரத்தையே முதலில் சொல்லித் தருகின்றன: Blue சேனலில் இடது முனையைத் தூக்கு, நிழல்கள் நீலமாகும். அதில் சொல்லப்படாத ஒரு விடயம் இருக்கிறது. Blue சேனலின் கோட்டுக்குப் படத்தில் எது நிழல், எது முகம் என்று தெரியாது. அதற்குத் தெரிவது ஒவ்வொரு புள்ளியிலும் நீலம் எவ்வளவு என்பது மட்டுமே. மாநிறக் கன்னம் வெளிச்சத்தில் இருந்தாலும் அதன் நீலம் குறைவாகவே இருக்கும். ஆகவே அந்தக் கோட்டின் கணக்கில் கன்னமும் ஒரு நிழல்தான்.

முதற்கேள்வியில் பழுதான கன்னத்தையே எடுத்துக்கொள்வோம். அது 118, 94, 84. அதன் நீலத்தோடு இன்னும் 12 சேர்ந்தால் 96 ஆகிறது. இப்போது நீலம் பச்சையைத் தாண்டிவிட்டது. தாண்டிய அந்தக் கணத்தில் தோலின் சாயல் செம்மஞ்சள் பக்கத்திலிருந்து சிவப்பைக் கடந்து ஊதாப் பக்கம் சரிகிறது; அடிபட்டு கன்றிய தோலைப்போல ஒரு தோற்றம் வருகிறது. மணப்பெண் படங்களில் கழுத்துக்குக் கீழேயும் கண்ணோரத்திலும் இதை அடிக்கடி காணலாம்.

நீலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைக் கூந்தலோடும் பின்னணி இருளோடும் நிறுத்திக்கொள்ள வேண்டும். கல்லடிப் படத்தில் நான்காவது லேயராக ஒரு Curves வைத்து, Blue இல் 38 ஐ 46 ஆகவும், Green இல் 38 ஐ 40 ஆகவும் உயர்த்தினேன். பிறகு அந்த லேயரை இருமுறை சொடுக்கி, Blend If பகுதியில் Gray என்பதை அப்படியே விட்டு, Underlying Layer பட்டையின் வலது முக்கோணத்தை Alt விசையை அழுத்தியபடி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை 45 இலும் மறுபாதியை 75 இலும் வைத்தேன். 45 க்குக் கீழே உள்ள இருளில் லேயர் முழுமையாக வேலை செய்யும். 75 க்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து மறையும்.

75 என்ற எண் எப்படி வந்தது என்றால், Gray என்பது மூன்று நிறங்களையும் சம அளவில் கூட்டுவதில்லை. ஏறத்தாழ சிவப்பில் 30 வீதம், பச்சையில் 59 வீதம், நீலத்தில் 11 வீதம் எடுக்கிறது. நிழல் கன்னத்தின் 98, 68, 56 ஐ அப்படிக் கணக்கிட்டால் 75 அல்லது 76 வரும். முகத்தின் மிக இருண்ட இடமே எல்லைக்கு அப்பால் நிற்பதால் முகம் முழுவதும் தப்பியது. கூந்தல் மட்டும் 38, 40, 46 ஆகி, மழைக்கு முந்திய வானத்தின் நிறம் கொண்டது. உங்கள் படத்தில் நிழல் கன்னம் இதைவிட இருண்டிருந்தால், 75 ஐ அதற்கேற்ப இறக்குங்கள். கன்னத்துக்கும் கூந்தலுக்கும் இடையில் இடமே இல்லாத அளவுக்கு முகம் இருண்டிருந்தால், குறை எடிட்டில் அல்ல, எடுத்த வெளிச்சத்தில். அந்தப் படத்துக்கு நீலத்தைக் கைவிடுவதே நல்லது.

தோலுக்கு மாஸ்க் போட்டு, முகத்தை முழுவதுமாக விட்டுவிட்டால் சுலபம் அல்லவா?

சுலபம்தான், ஆனால் படம் இரண்டாகிவிடும். சுற்றிலும் எல்லாம் மங்கியிருக்க, முகம் மட்டும் நேற்று எடுத்ததுபோல் அழுத்தமாக நின்றால், வேறோர் இடத்தில் வெட்டி இங்கே ஒட்டியதுபோல் தெரியும். கழுத்தும் கைகளும் மாஸ்க்கில் விடுபட்டுப்போனால் இன்னும் மோசம். லைட்ரூமில் ஆள்களைத் தானே கண்டுபிடிக்கும் மாஸ்க் முகத்தோலையும் உடல்தோலையும் பிரித்தே கேட்கும். இரண்டையும் தேர்ந்தெடுக்க மறந்தால் முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம். மாஸ்க்கை நான் கடைசி மருந்தாகவே வைத்திருக்கிறேன். கர்வ் சரியாக அமைந்த பிறகும் முகம் சற்று வாடித் தெரிந்தால், முகம், கழுத்து, கை எல்லாவற்றுக்கும் சேர்த்து, மங்கல் லேயரின் வலிமையில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் விரிந்த தூரிகையால் குறைப்பேன்.

மென்மைக்கு Clarity ஐக் குறைத்தால் போதாதா?

Clarity ஐ எதிர்ப்பக்கம் இழுத்தால் தோலின் நடுத்தர அளவிலான மேடுபள்ளங்கள் கரைந்து, முகம் மெழுகுபோல் ஆகிறது. பழைய படங்களின் மென்மை அப்படி வந்ததல்ல. வெளிச்சமான இடங்களிலிருந்து ஒளி சற்றுக் கசிந்து அக்கம்பக்கத்து இருளில் பரவியதால் வந்தது. தோலின் துவாரங்கள் அடியில் அப்படியே இருந்தன.

அந்தக் கசிவைச் செய்ய, எல்லா லேயருக்கும் மேலே Ctrl+Alt+Shift+E அழுத்தி முழுப் படத்தின் பிரதியொன்றை எடுத்து, அதற்கு Gaussian Blur கொடுங்கள். நீளப்பக்கம் 6000 பிக்சல் உள்ள கோப்புக்கு 30 பிக்சல் அளவு போதும். அந்த லேயரின் கலப்பு முறையை Lighten ஆக்கி, Opacity ஐ 15 க்கும் 20 க்கும் இடையில் வையுங்கள். அடியிலுள்ள கூர்மையான படம் அழிவதில்லை. வெளிச்சம் மட்டும் விளிம்புகளில் பரவுகிறது. கண்களின் மேல் மாஸ்க்கில் கறுப்பைத் தீட்டி, அந்தப் பரவலை நீக்கிவிடுங்கள். பின்னால் வெளுத்த வானம் இருந்தால், அதன் வெண்மை கன்னத்தின் விளிம்புக்குள் ஏறி முகத்தின் ஓரத்தை வெளிறச் செய்யும். அங்கேயும் தீட்ட வேண்டியிருக்கும்.

கிரெயின் எவ்வளவு போடலாம்?

அச்சிடும் அளவில் பார்த்து முடிவு செய்யுங்கள். திரையில் 100 வீதத்தில் அழகாகத் தெரியும் கிரெயின் 6 அங்குலம் × 4 அங்குலப் படத்தில் காணாமற்போகும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நசுங்கி, தோலில் தேமல்போலத் திட்டுத் திட்டாக நிற்கும். எப்போதும் ஒற்றை நிறக் கிரெயினையே போடுங்கள்; வண்ணக் கிரெயின் நிழல் பக்கக் கன்னத்தில் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளி வைக்கும்.

மணி நேரக்கணக்காகப் பார்த்துக் கண் பழகிவிடுகிறது. தோல் சரியா பிழையா என்று எப்படி அறிவது?

கண் பழகிவிடும் என்பது உண்மை. அரை மணி நேரத்தில் பச்சை முகமும் நல்ல முகமாகத் தோன்றத் தொடங்கும். அதனால்தான் தொடக்கத்திலேயே அளவுக் குறிகளை வைக்கச் சொன்னேன். உதடு, பூசிய கன்னச் சிவப்பு, குங்குமம் ஆகியவற்றைத் தவிர்த்து வெறுந்தோலை அளந்தால், நம் மேனிகளில் சிவப்பு முதலாவதாகவும், பச்சை இரண்டாவதாகவும், நீலம் கடைசியாகவும் வர வேண்டும். நீலம் பச்சையை நெருங்கினால் ஊதா வரப்போகிறது என்று பொருள். பச்சை சிவப்பை நெருங்கினால் மஞ்சட்காமாலை பிடித்த நிறம் வரும். மூன்றும் ஒருங்கே நெருங்கினால் சாம்பல்.

Info பலகையின் இரண்டாவது அளவீட்டை, சாயல், செறிவு, வெளிச்சம் மூன்றையும் காட்டும் HSB ஆக மாற்றிக்கொண்டால் இன்னும் எளிது. கல்லடிப் படத்தின் வெளிச்சக் கன்னம் 21 பாகை, நிழல் கன்னம் 18 பாகை. முடித்த பிறகும் இரண்டும் ஓரிரு பாகைக்குள்ளேயே நின்றன. சாயல் ஐந்து பாகைக்கு மேல் நகர்ந்தாலோ, செறிவு தொடக்கத்தில் இருந்ததன் ஆறில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலோ நான் திரும்பிப் போய்ப் பார்ப்பேன். இது என் கைப்பழக்கத்தில் வந்த எல்லை. நூலில் உள்ள சட்டம் அல்ல.

எண் எல்லாம் சரியாக இருந்தும் முகம் உயிரற்றுத் தெரிந்தால், முகத்தின் இரு பக்கங்களையும் ஒப்பிடுங்கள். வெளிச்சப் பக்கமும் நிழல் பக்கமும் ஒரே ஆளின் தோலாகத் தெரியாமல், நிழல் பக்கம் மட்டும் வேறு பொருளால் செய்ததுபோல் இருந்தால், 55 ஐ ஒட்டி வைத்த புள்ளி உயரமாகிவிட்டது.

மாப்பிள்ளை கறுப்பு, பெண் நல்ல வெள்ளை. ஒரே படத்தில் இருவருக்கும் எப்படி?

கோட்டின் கீழ்ப்பகுதியை மாப்பிள்ளையின் நிழல் கன்னத்துக்கும், மேற்பகுதியைப் பெண்ணின் நெற்றிக்கும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையின் நிழல் கன்னத்தில் நீலம் 35 என்றால், கோட்டை அந்த 35 இலேயே குத்தி நிறுத்த வேண்டும். அப்போது 0 ஐ 26 வரை தூக்க இடமிருக்காது, 16 அளவில் நின்றுவிடும். மங்கல் குறைவாக இருக்கிறது என்று யாரும் குறை சொல்லப்போவதில்லை. பெண்ணின் பக்கம் அபாயம் மேல்முனையில்: 255 ஐ 242 க்குக் கீழே இறக்கினால் நெற்றியின் பளபளப்பு மடிந்து, முகத்தில் மாவு பூசியதுபோல் ஆகும். பெண்ணுக்கு என்று வெளிச்சத்தை அமைத்து, மாப்பிள்ளையைப் பிறகு எடிட்டில் தூக்கிவிடலாம் என்று நினைப்பவர்களுக்குத்தான் இந்தப் படங்கள் அதிகம் பாழாகின்றன.

என்னிடம் கைத்தொலைபேசி மட்டுமே இருக்கிறது.

லைட்ரூம் செயலியிலும் ஸ்னாப்சீட்டிலும் Curve உண்டு. விரலால் எண்ணைத் துல்லியமாக வைக்க முடியாதாகையால், வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் கோட்டின் நடுவில் ஒன்றும், கால்வாசியில் ஒன்றும் புள்ளி வைத்து, இரண்டையும் கோட்டின் மேலேயே அசையாமல் விடுங்கள். அதன்பிறகு இடது முனையை மெல்லத் தூக்குங்கள். புள்ளிகள் அடியில் ஊன்றி நிற்பதால் முகம் அவ்வளவாக அசையாது. நீலத்தை நிழலோடு மட்டும் நிறுத்தும் வசதி Blend If போல ஸ்னாப்சீட்டில் கிடையாது. அங்கே View edits வழியாகச் சென்று, அந்தப் படியைத் தூரிகையால் பின்னணிக்கும் கூந்தலுக்கும் மட்டும் தீட்டலாம். பெருவிரல் அகலத்தில் தீட்டுவதால் காதோரம் எப்போதும் பிசகும், பெரிதாக்கிக்கொண்டு தீட்டுங்கள்.

திரையில் நன்றாக இருந்தது. லாபில் அச்சிட்டுக் கொண்டுவந்தபோது மங்கலே இல்லை. எங்கே பிழை?

பெரும்பாலும் லாப் இயந்திரத்தின் தானியங்கித் திருத்தத்தில். படத்தில் முழுக் கறுப்பு இல்லை என்று கண்டவுடன், அதை ஒளிக்குறைபாடு என்று எடுத்துக்கொண்டு, நீங்கள் 26 க்கு ஏற்றிய கறுப்பை அது மறுபடியும் கீழே இழுத்துவிடுகிறது. அந்த இழுப்பில் முகமும் செம்மையேறிக் கடுத்துப்போகிறது. எனக்கு முதற்தடவை இது நேர்ந்தபோது இருபது படங்களை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, என் திரையைத்தான் சந்தேகித்தேன். கோப்பை sRGB இல் கொடுத்து, திருத்தம் எதுவும் செய்யாமல் அச்சிடும்படி இயக்குபவரிடம் வாயால் சொல்லுங்கள்.

பளபளப்பில்லாத மேட் தாளில் அச்சிடுவதானால் எதிர்ச் சிக்கல் வரும். அந்தத் தாளின் கறுப்பு இயல்பாகவே சற்று மங்கல். உங்கள் மங்கல் அதன் மேல் சேரும்போது படம் சோர்ந்துபோகும். கல்லடிப் படத்தை மேட் தாளுக்காக 0 க்கு 16 என்று குறைத்து இன்னொரு பிரதி எடுத்தேன். பெரிய அளவில் போடுமுன், முகமும் கூந்தலும் மல்லிகையும் வரும் ஒரு துண்டை மட்டும் வெட்டி 6 × 4 இல் அச்சிட்டு, டியூப் லைட்டின் கீழ் அல்லாமல், காலையில் யன்னலோரம் வைத்துப் பார்த்தோம். அந்தப் பெண்மணி தாயாரின் படத்தையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். மல்லிகை இன்னும் கொஞ்சம் பழுப்பாகலாம் என்றார்; Blue இல் 210 ஐ 206 ஆக்கி அச்சுக்குக் கொடுத்தேன்.